'சி செக் சர்டிஃபை செய்தேன்' என்று எழுதும் ஏ.எம்.இ.க்களுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் வாங்கி, சில ஆண்டுகள் ஹேங்கரிலும் லைனிலும் உழைத்துவிட்டு, அடுத்த வேலைக்கு ரெஸ்யூமே அனுப்பத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் தரப் பிரிவில் இருந்து, வருகிற ரெஸ்யூமேக்களை லைசென்ஸோடும் லாக் புக்கோடும் ஒத்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அங்கே திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். வேலை தெரிந்த பிள்ளை, வேலை தெரியாதவரைப் போல எழுதி அனுப்புகிறார். அவர் கையெழுத்துப் போட்ட வேலை ஒன்று, கூட நின்று பார்த்த வேலை ஒன்று. இரண்டும் ஒரே வரியில் கலந்துகிடக்கின்றன. படிக்கிறவருக்கு முதலில் சந்தேகம் வருகிறது, பிறகு அந்தத் தாள் ஓரமாகப் போய்விடுகிறது.

நான் பார்த்த பல ரெஸ்யூமேக்களைச் சேர்த்து ஓர் உதாரண வரி செய்திருக்கிறேன். உங்களில் பலர் எழுதியது இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்:

"ஏ320 பி1 பொறியாளர். 8 ஆண்டு அனுபவம். ஏ செக், சி செக் சர்டிஃபை செய்துள்ளேன். இன்ஜின் மாற்றம், போரஸ்கோப் தெரியும். டி.ஜி.சி.ஏ., ஈ.ஏ.எஸ்.ஏ. அப்ரூவல் உண்டு."

இந்த வரியில் நான்கு பேர் கொடுக்க வேண்டியதை ஒருவரே தனக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். லைசென்ஸின் பிரிவையும் அதில் ஏற்றப்படும் விமான வகையையும் தருவது டி.ஜி.சி.ஏ. அந்த விமானத்தில் கையெழுத்துப் போடும் ஆத்தரைசேஷனைத் தருவது சி.ஏ.ஆர்.145 அனுமதி பெற்ற நிறுவனம். செய்த வேலைக்குச் சாட்சி லாக் புக்கும், அதில் மேற்பார்வையாளர் இட்ட கையெழுத்தும். வெளிநாட்டு அமைப்பின் அனுமதி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து, உங்களுடையது அல்ல. இவற்றைப் பிரித்து எழுதத் தெரிந்துவிட்டால் ரெஸ்யூமேயில் முக்கால் வேலை முடிந்தது.

முதலில் 'பி1'. சி.ஏ.ஆர்.66 விதிப்படி பி1க்குள் நான்கு உட்பிரிவுகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். பி1.1 டர்பைன் விமானம், பி1.2 பிஸ்டன் விமானம், பி1.3 டர்பைன் ஹெலிகாப்டர், பி1.4 பிஸ்டன் ஹெலிகாப்டர். ஏ320 என்று எழுதிவிட்டதால் பி1.1 என்பது படிப்பவருக்குப் புரியும்தான். ஆனால் லைசென்ஸில் உள்ளதை அப்படியே எழுதாதவர் வேறு எதை அப்படியே எழுதியிருப்பார் என்ற கேள்வி அங்கேயே எழுகிறது. அதைவிட முக்கியம் லைசென்ஸில் உள்ள வரம்புகள். பழைய முறையிலிருந்து சி.ஏ.ஆர்.66க்கு மாற்றப்பட்ட லைசென்ஸ்களில், ஏதாவது ஓர் அமைப்பில் கையெழுத்திட முடியாது என்ற வரம்பு இருக்கக்கூடும். அதை மறைக்காதீர்கள். லைசென்ஸ் நகலைக் கேட்கும்போது எப்படியும் அது தெரிந்துவிடும். வரம்போடு வந்தவருக்கு வேலை கொடுக்க இடமுண்டு. வரம்பை விட்டுவிட்டு வந்தவரை எங்கே வைப்பது?

அடுத்து 'ஏ320'. இங்கேதான் மிக நல்ல பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். உங்கள் லைசென்ஸில் டைப் ரேட்டிங் விமானத்தின் பெயரோடு நிற்பதில்லை, அடைப்புக்குள் இன்ஜினும் இருக்கும். ஏ319, ஏ320, ஏ321 மூன்றும் ஒரே ரேட்டிங்கில் அடங்கும். சி.எஃப்.எம்.56, வி2500, லீப்-1ஏ, பி.டபிள்யூ.1100ஜி என்ற நான்கு இன்ஜின்களும் தனித்தனி ரேட்டிங். மூன்று விமானங்களின் பெயரை மூன்று வரியில் எழுதி மூன்று டைப் என்று காட்டுவது வெற்றுப் பெருக்கம். இன்ஜினை எழுதாமல் விடுவது அதற்கு நேர் எதிரான குறை, உள்ளதையும் அது மறைத்துவிடுகிறது.

இன்ஜின் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு த்ரஸ்ட் ரிவர்சர் ஒன்றே போதும். சி.எஃப்.எம்.56 பொருத்திய ஏ320இல் ரிவர்சர் நான்கு சுழல் கதவுகளாகத் திறக்கிறது. வி2500இல் கவ்லின் ஒரு பகுதி பின்னோக்கி நகர்ந்து, உள்ளே இருக்கும் கேஸ்கேடுகள் வழியாகக் காற்றை முன்னோக்கித் திருப்புகிறது. இரவு 2 மணிக்கு ரிவர்சரில் கோளாறு வந்து, எம்.இ.எல்.படி அதைச் செயலிழக்கச் செய்து விமானத்தை விட வேண்டும் என்றால், இரண்டுக்கும் செய்முறை வேறு, பூட்டும் இடம் வேறு. பி.டபிள்யூ.1100ஜிக்குப் போனால் விசிறிக்கும் தாழ் அழுத்தத் தண்டுக்கும் நடுவே ஒரு கியர் பெட்டியே வந்துவிடுகிறது. 'ஏ320 தெரியும்' என்று மட்டும் எழுதியவரை அந்த இரவுப் பணியில் எந்த விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்று பணிப் பட்டியல் போடுபவருக்குத் தெரியாது. அதனால் ரேட்டிங்கை லைசென்ஸில் அச்சிட்டபடி, எண்டார்ஸ் ஆன தேதியோடு எழுதுங்கள்.

இப்போது முக்கியமான இடம்: 'சி செக் சர்டிஃபை செய்துள்ளேன்.'

பி1 வைத்திருப்பவர் இதை எழுதினால், விதி தெரிந்தவர் அங்கேயே பேனாவை வைத்துவிடுவார். லைன் பராமரிப்பில் பி1 பொறியாளர் தன் ஆத்தரைசேஷனுக்கு உட்பட்டு, விமானம் பணிக்குத் தகுதியானது என்று சி.ஆர்.எஸ். கொடுக்கலாம். பெரிய விமானங்களின் பேஸ் பராமரிப்பில் கதை வேறு. அங்கே பி1, பி2 பொறியாளர்கள் சப்போர்ட் ஸ்டாஃப். ஒவ்வொரு டாஸ்க் கார்டும் சரியாக முடிந்தது என்று அவர்கள் கையெழுத்திடுவார்கள். அத்தனை கார்டுகளும் முடிந்தன என்பதை உறுதி செய்துகொண்டு, முழு விமானத்துக்கும் சி.ஆர்.எஸ். கொடுப்பவர் சி பிரிவு லைசென்ஸ் உள்ளவர். பி1.1 அல்லது பி2 உரிமையைப் பெரிய விமானங்களில் பயன்படுத்தியோ, சப்போர்ட் ஸ்டாஃபாக இருந்தோ மூன்று ஆண்டு அனுபவம் சேர்த்தவர் அந்தப் பிரிவுக்குப் போகலாம். ஆகவே பி1 மட்டும் உள்ள ஒருவர் சி செக்கை சர்டிஃபை செய்தேன் என்றால், ஒன்று அவர் விதியை மீறியிருக்க வேண்டும், அல்லது தான் செய்தது என்ன என்றே அவருக்குத் தெரியவில்லை. உண்மையில் இரண்டும் இல்லை. சி செக்கில் சப்போர்ட் ஸ்டாஃபாக இருந்து, லேண்டிங் கியர் பகுதியின் கார்டுகளை முடித்துக் கையெழுத்திட்டிருப்பார். அது மதிப்புள்ள வேலை. அதை அப்படியே எழுதினால் என்ன குறை?

இன்னொன்று. சி செக் என்ற பெயருக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவு கிடையாது. எந்தெந்த வேலைகளை ஒன்றாகக் கட்டி எந்த எழுத்துப் பெயரில் நடத்துவது என்பதை விமான நிறுவனத்தின் பராமரிப்புத் திட்டம் முடிவு செய்கிறது. போயிங் 737-800இன் திட்ட ஆவணத்தில் வேலைகள் பறந்த மணி, தரையிறங்கிய தடவை, நாள்கணக்கு ஆகியவற்றின்படி தனித்தனியாகவே இருக்கின்றன. அவற்றை மூட்டையாகக் கட்டிப் பெயர் வைப்பது இயக்குபவர்தான். ஏ320இல் 6 ஆண்டு, 12 ஆண்டு கட்டமைப்புப் பரிசோதனைகள் சேர்ந்து வந்தால் அந்த ஹேங்கர் வேலை சாதாரண சி செக்கைவிடப் பல மடங்கு கனம். கேலியைக் கழற்றி, கழிவறையைக் கழற்றி, தரைப் பலகையை எடுத்து, அதன் கீழே சீட் டிராக்கில் அரிப்பு இருக்கிறதா என்று பார்த்திருப்பீர்கள். 'சி செக்' என்ற இரண்டு சொல் அதைச் சொல்லாது. '12 ஆண்டு கட்டமைப்புப் பரிசோதனை, கேபின் தரைப் பகுதி' என்று எழுதினால் சொல்லும்.

யார் செய்தார், யார் பார்த்தார், யார் கையெழுத்திட்டார் என்று பிரித்துக் கேட்பது காகிதக்காரர்களின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், 17,000 அடிக்கு மேல் ஏறியபோது கேப்டன் பக்கத்துக் கண்ணாடி பிடுங்கிக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதிக்கு மேல் வெளியே இழுபட்டுத் தொங்கியது. கேபின் ஊழியர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்டனில் இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார். பறப்பதற்குச் சற்று முன்னால்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, தேவையான விட்டத்தைவிடச் சிறியவை. மீதி ஆறு நீளம் குறைந்தவை. மாற்றியவரும் கையெழுத்திட்டவரும் ஒருவரே, பணிநேர மேலாளர். அந்த வேலை இரண்டாவது ஆளின் பரிசோதனை தேவைப்படும் பட்டியலிலேயே அப்போது இல்லை.

இன்று விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு போன்ற இடங்களில் வேலை செய்தால், அதைச் செய்யாத இன்னொருவர் தனியாகப் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தனிப் பரிசோதனைக்கான ஆத்தரைசேஷன் உங்களிடம் இருந்தால் அதை ரெஸ்யூமேயில் தனி வரியாக எழுதுங்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான். இன்னொருவரின் வேலையைச் சரிபார்க்கும் பொறுப்பை ஒரு நிறுவனம் உங்களிடம் கொடுத்திருக்கிறது என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

'இன்ஜின் மாற்றம், போரஸ்கோப் தெரியும்' என்பதற்கு வருவோம். இரண்டும் இரண்டு விதமான அனுபவம். போரஸ்கோப் என்பது இன்ஜினுக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டு, எரிகூடத்தையும் டர்பைன் பிளேடுகளையும் பார்ப்பது. குழாயை நுழைப்பதில் பெரிய வித்தையில்லை. பார்த்த விரிசல் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா, அப்படியே பறக்கலாமா, குறைந்த இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டுமா, உடனே இன்ஜினைக் கழற்ற வேண்டுமா என்று தீர்மானிப்பதுதான் வேலை. அதனால் நிறுவனங்கள் இதற்குத் தனிப் பயிற்சியும் தனி ஆத்தரைசேஷனும் வைத்திருக்கின்றன. ஆத்தரைசேஷன் இருந்தால் எந்த இன்ஜின், எந்தத் தேதி முதல் என்று எழுதுங்கள். இல்லாமல், ஆத்தரைசேஷன் உள்ளவருக்கு உதவியாக இருந்திருந்தால் 'உதவினேன்' என்று எழுதுங்கள்.

இன்ஜின் மாற்றத்தில் கேட்கப்படும் கேள்வி, மாற்றிய பிறகு என்ன செய்தீர்கள் என்பது. புதிய இன்ஜினைப் பொருத்திய பின் ரன்-அப் செய்து, கசிவு பார்த்து, அதிர்வு அளவு பார்த்து, தேவையான சோதனைகளை முடித்தால்தான் வேலை முடியும். காக்பிட்டில் உட்கார்ந்து இன்ஜினை ஓட்டுவதற்கும் நிறுவனம் தனி ஆத்தரைசேஷன் கொடுக்கிறது. ஐடில் வரைக்குமா, உயர் சக்தி வரைக்குமா என்று அதில் பிரிவும் இருக்கும். 'இன்ஜின் மாற்றம் மூன்று, அதில் ஒன்றில் உயர் சக்தி ரன்-அப் நான் செய்தேன்' என்று ஒருவர் எழுதியிருந்தால், அவரை நேர்காணலுக்குக் கூப்பிடும் முன்பே அவர் வேலை செய்த விதம் எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

'ஈ.ஏ.எஸ்.ஏ. அப்ரூவல் உண்டு.' ஆத்திரப்பட வைக்கும் வரி இது, ஆனால் எழுதுபவர் பெரும்பாலும் ஏமாற்ற நினைப்பதில்லை, குழம்பியிருக்கிறார். நீங்கள் வேலை செய்த நிறுவனத்துக்கு ஐரோப்பிய அமைப்பின் பார்ட்-145 அனுமதி இருந்திருக்கும். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள அத்தகைய நிறுவனங்கள், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தங்கள் நாட்டு லைசென்ஸ் உள்ள பொறியாளர்களைக் கொண்டே ஐரோப்பிய விதிப்படியான சி.ஆர்.எஸ். கொடுக்க அந்த விதியிலேயே இடம் இருக்கிறது. ஆக, உங்கள் டி.ஜி.சி.ஏ. லைசென்ஸின் மேல் அந்த நிறுவனம் கொடுத்த ஆத்தரைசேஷனால் நீங்கள் அதைச் செய்திருக்கலாம். அது உண்மையான தகுதி. ஆனால் நிறுவனத்தை விட்டு வெளியே வரும் நாளில் அது அங்கேயே நின்றுவிடும். உங்களிடம் ஐரோப்பாவின் பார்ட்-66 லைசென்ஸ் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. 'நிறுவனத்தின் ஈ.ஏ.எஸ்.ஏ. பார்ட்-145 அனுமதியின் கீழ், டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் அடிப்படையில் சி.ஆர்.எஸ். ஆத்தரைசேஷன், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை' என்று எழுதினால் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ படிப்பவருக்குத் தெளிவாகப் புரியும். அமெரிக்காவின் ஏ அண்ட் பி சான்றிதழ் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அதில் டைப் ரேட்டிங் என்பதே கிடையாது. 'எஃப்.ஏ.ஏ. ஏ320 ரேட்டிங்' என்று எழுதினால் அந்தத் தாள் அங்கேயே விழுந்துவிடும்.

கடைசியாக '8 ஆண்டு அனுபவம்'. இதைப் பிரித்துக் காட்டுகிறேன். நம் உதாரணப் பொறியாளர் 2017இல் டெக்னீஷியனாகச் சேர்ந்தார் என்று வைப்போம். 2019இல் பி1.1 லைசென்ஸ். 2020இல் வி2500 இன்ஜினோடு ஏ320 எண்டார்ஸ்மென்ட். அந்தப் பிரிவில் அது அவருடைய முதல் டைப் என்பதால், வகுப்பும் செய்முறையும் தவிர ஓ.ஜே.டி.யும் முடித்திருக்க வேண்டும். 2021இல்தான் நிறுவனம் ஆத்தரைசேஷன் கொடுத்தது. 2023இல் லீப்-1ஏ எண்டார்ஸ்மென்ட், 2024இல் அதற்கும் ஆத்தரைசேஷன். 2025இல் ரெஸ்யூமே எழுதுகிறார். 8 ஆண்டில் அவர் கையெழுத்திட்டது நான்கு ஆண்டு. லீப்-1ஏ விமானத்தில் ஓராண்டு. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் '8 ஆண்டு ஏ320 பி1' என்று எழுதினால், 2019க்கு முன் லைசென்ஸே இல்லாத காலத்தையும் பி1 கணக்கில் சேர்த்ததாக ஆகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, அண்மையில் வேலை செய்தீர்களா என்பது. லைசென்ஸ் உரிமையைப் பயன்படுத்த, முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஆறு மாதப் பராமரிப்பு அனுபவம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நடுவில் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுத்தீர்கள், திட்டமிடல் பிரிவில் இருந்தீர்கள், குடும்பக் காரணத்தால் வீட்டில் இருந்தீர்கள் என்றால் அந்த மாதங்களை அப்படியே போடுங்கள். ஆண்டுகளை மட்டும் போட்டு இடைவெளியை மூடியிருப்பவரிடம்தான் அதிகக் கேள்வி கேட்கிறோம்.

ஆக, அதே மனிதர் அந்த வரியை இப்படி எழுதியிருக்கலாம்:

"டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ், பிரிவு பி1.1, 2019 முதல், வரம்பு ஏதும் இல்லை. ரேட்டிங்: ஏ319/ஏ320/ஏ321 (வி2500), 2020, ஏ319/ஏ320/ஏ321 (லீப்-1ஏ), 2023. நிறுவன ஆத்தரைசேஷன்: லைன், டிரான்சிட், டெய்லி, வீக்லி, ஏ செக் சி.ஆர்.எஸ்., வி2500 2021 முதல், லீப்-1ஏ 2024 முதல். பேஸ் பராமரிப்பில் சப்போர்ட் ஸ்டாஃப் 2021 முதல். தனிப் பரிசோதனை 2023 முதல். வேலைகள்: 12 ஆண்டு கட்டமைப்புப் பரிசோதனை ஒன்றில் லேண்டிங் கியர் பகுதி சப்போர்ட் ஸ்டாஃப், வி2500 இன்ஜின் மாற்றம் மூன்று, போரஸ்கோப்பில் உதவி மட்டும்."

நீளம் கூடிவிட்டது, ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. 'உதவி மட்டும்' என்ற கடைசிச் சொற்கள் முன்னால் உள்ள அத்தனை வரிக்கும் நம்பகம் தருகின்றன. ஹியூமன் ஃபேக்டர்ஸ், எரிபொருள் தொட்டிப் பாதுகாப்பு, மின்கம்பி அமைப்பு முதலிய பயிற்சிகளைக் கீழே தேதியோடு ஒரே வரியில் போட்டால் போதும். தேதி இல்லாத பயிற்சிச் சான்று எங்களுக்கு உதவாது.

இன்னும் லைசென்ஸ் வராத தம்பி தங்கைகளுக்கு ஒன்று. சி.ஏ.ஆர்.147 பள்ளியில் படித்து முடித்ததும் 'ஏ.எம்.இ.' என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ள ஆசை வரும், வேண்டாம். தேறிய மாட்யூல்கள் எவை, எந்தத் தேர்வுச் சுற்றில், எந்த விமானத்தில் எத்தனை மாதச் செய்முறை என்று எழுதுங்கள். பாக்கி உள்ள மாட்யூலையும் எழுதுங்கள். தேர்ச்சிக்கு 75 விழுக்காடு வேண்டும் என்பதும், அதற்கு நீங்கள் பட்ட பாடும் எங்களுக்குத் தெரியும்.

லைசென்ஸ் எண்ணை ரெஸ்யூமேயில் எழுதலாம், சரிபார்க்க அது வேண்டும். ஆனால் லைசென்ஸின் படத்தையும் நிறுவன முத்திரை தெரியும் டாஸ்க் கார்டுகளின் நகலையும் கண்ட இடத்தில் ஏற்றாதீர்கள். உங்கள் முத்திரையை இன்னொருவர் பயன்படுத்த இடம் கொடுக்கக் கூடாது. டாஸ்க் கார்டு நிறுவனத்தின் ஆவணமும்கூட. உங்கள் லாக் புக்கில் தேதி, விமானப் பதிவெண், ஏ.டி.ஏ. அத்தியாயம், வேலை, மேற்பார்வையாளர் கையெழுத்து ஆகியவை இருந்தால் அதுவே போதுமான சாட்சி. வேலை முடிந்த வாரத்திலேயே அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த மேற்பார்வையாளர் வேறு நாட்டுக்குப் போன பிறகு அவரைத் தேடி அலைவது எளிதல்ல.

இன்றிரவு உங்கள் ரெஸ்யூமேயையும் லைசென்ஸையும் ஆத்தரைசேஷன் கடிதத்தையும் லாக் புக்கையும் ஒரே மேசையில் விரித்து வையுங்கள். ரெஸ்யூமேயின் ஒவ்வொரு வரிக்கும் மற்ற மூன்றில் எதிலாவது ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாத வரியை அடித்துவிட்டு, மீதியை அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு மூத்த ஏ.எம்.இ.